கழுநீர்த் தொட்டி வழியே வரும் காய்ச்சல்

"நாலு பக்கமும் கடல். சென்னையிலிருந்து கப்பல் வரவே மூன்று நாளாகிறது. மிசோரத்தில் செத்த பன்றியின் நோய் இங்கே எப்படி வரும்?" அந்தமான் நிக்கோபாரில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பற்றிப் பேச்செடுத்தால் எழும் முதல் வாதம் இதுதான். இதை ஒட்டியே இரண்டாவது வாதமும் வரும்: அப்படியே வந்தாலும் ஊசி போட்டுக் காப்பாற்ற வேண்டியதுதானே, எதற்காகப் பண்ணையோடு கொன்று புதைக்கிறார்கள்? இரண்டுமே கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். இரண்டுமே தவறு. முதலாவது, பண்ணைக்காரர் தன் கையால் செய்துகொள்ளக்கூடிய ஒரே பாதுகாப்பை அவசியமற்றதாக்கிவிடுகிறது. இரண்டாவது, நோய் வந்த பிறகு மிக விலையுயர்ந்த முதல் நாலைந்து நாட்களை வீணடிக்க வைக்கிறது.

கடலிலிருந்தே தொடங்குகிறேன். இந்த நோயின் வரலாற்றைப் புரட்டினால், கடல் அதைத் தடுத்த கதைகளைவிடக் கடத்திய கதைகளே கண்ணில் படும். 1921இல் கென்யாவிலிருந்து முதன்முதலாக விவரித்து எழுதப்பட்ட நோய் இது. 1957இல் ஐரோப்பாவில் கால் வைத்தது. விமானத்தில் மீந்த உணவை லிஸ்பன் விமான நிலையத்துக்கு அருகே பன்றிகளுக்குப் போட்டதில் அது இறங்கியது. 1971இல் கியூபா. 1978இல் மால்டா, சார்டினியா, டொமினிக்கன் குடியரசு. மறு ஆண்டு ஹைட்டி. அத்தனையும் தீவுகள், அல்லது தீவின் பாதிகள். மால்டாவில் நாட்டின் கடைசிப் பன்றி வரை கொன்ற பிறகே நோய் ஒழிந்தது. சார்டினியாவில் அது நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தங்கியது. 2007இல் ஜார்ஜியாவின் போத்தி துறைமுகத்தில் மறுபடி கரையேறியது. கப்பல் சமையலறைக் கழிவைத் தின்ற பன்றிகளே தொடக்கம் என்பதுதான் பரவலான கணிப்பு. அந்தக் கிளையே ரஷ்யா வழியாக 2018இல் சீனாவுக்கும், 2019இல் வியட்நாம், மியான்மர், பிலிப்பைன்ஸ், கிழக்குத் திமோர், சுமத்ரா ஆகிய இடங்களுக்கும், 2020இல் நம் அருணாச்சலத்துக்கும் அசாமுக்கும் வந்து சேர்ந்தது.

வரைபடத்தை விரித்துப் பாருங்கள். பெரிய நிக்கோபாரின் இந்திரா முனையிலிருந்து சுமத்ரா ஏறத்தாழ 150 கிலோமீட்டர்தான். வடக்கே, மியான்மரின் கோகோ தீவுகள் அதைவிடவும் அருகில். ஆனால் என் பயம் அந்தத் திசைகளில் இல்லை. சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் விசாகப்பட்டினத்திலிருந்தும் வரும் கப்பல்களில், விமானங்களில், பயணிகள் பையில், குளிர்பெட்டியில் வரும் இறைச்சியில்தான் இருக்கிறது. தீவுக்கு வேண்டிய உணவில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருகிறது. கெடாமல் வர வேண்டுமென்பதால் உறைய வைத்தோ உலர்த்தியோ உப்பிட்டோ வருகிறது. இந்த வைரஸுக்கு அது மிகவும் தோதான ஏற்பாடு. உறைந்த இறைச்சியில் அது ஆண்டுக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். உலர்த்திய இறைச்சியில் பல மாதங்கள். உப்பிட்டதில் ஆறு மாதம் வரை. மூன்று நாள் கப்பல் பயணம் அதன் ஆயுளில் ஒரு பொருட்டே அல்ல. தூரம் நம்மைக் காக்கிறது என்று நாம் எண்ணும்போது, தூரத்துக்காக நாம் செய்யும் பதப்படுத்தலே அதைக் காக்கிறது.

மனிதருக்கு இந்த வைரஸால் எந்தக் கேடும் இல்லை. அது உள்ள இறைச்சியைத் தின்றவர் யாரும் நோயுறமாட்டார். யாருக்கும் சந்தேகம் வராமல் போவதற்கும் அதுவே காரணம். ஹோட்டலில் ஒருவர் தட்டில் மிச்சம் வைத்த எலும்பும், சமையலறையில் கழுவிய இறைச்சித் தண்ணீரும் ஒரே டிரம்மில் விழுகின்றன. சாயங்காலம் பன்றிக்காரர் வந்து எடுத்துப்போகிறார். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. 2019இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனையில், உலர்ந்த தீவனத்தின் வழியே தொற்ற நிறைய வைரஸ் தேவைப்பட்டது. குடிக்கும் திரவத்தின் வழியேயோ மிகச் சொற்பமே போதுமாயிருந்தது. அதோடு, ஒரு வேளையில் தப்பினாலும் வேளை கூடக்கூடத் தொற்றும் வாய்ப்பு ஏறிக்கொண்டே போனது. கழுநீர் என்பது திரவம். நாள் தவறாமல் ஊற்றப்படுவது. ஒரு துண்டு இறைச்சி டிரம் முழுவதையும் கெடுத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டகையிலுள்ள எல்லாப் பன்றிகளும் குடிக்கின்றன.

"நாங்கள் காய்ச்சித்தான் ஊற்றுகிறோம்" என்று சொல்பவர்கள் உண்டு. காய்ச்சுவதில் உள்ள குறையை அவர்களுக்காகவே எழுதுகிறேன். உலக விலங்கு சுகாதார அமைப்பின் விதி, கழிவுணவை 90 டிகிரிக்குக் குறையாமல் ஒரு மணி நேரம், விடாமல் கிளறியபடி காய்ச்ச வேண்டும் என்கிறது. ஓரத்தில் குமிழி கிளம்பியதும் அடுப்பை அணைப்பது காய்ச்சுவது ஆகாது. கெட்டியான கஞ்சியின் நடுப்பகுதியும், எலும்போடு ஒட்டிய சதையும் மிகத் தாமதமாகவே சூடேறும். நடுவில் கொதி வந்த பிறகே ஒரு மணி நேரத்தை எண்ணத் தொடங்க வேண்டும். இன்னொன்று, பச்சைக் கழிவை அள்ளிய அதே வாளியால் காய்ச்சியதை அள்ளினால் செய்த வேலை அத்தனையும் வீண். பச்சைக்கு ஒரு வாளி, வெந்ததற்கு ஒரு வாளி. இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. விறகும் நேரமும் செலவாகும் என்பது உண்மைதான். அதனால்தான் நான் இன்னும் ஒரு படி மேலே போய், இறைச்சி கலந்த ஹோட்டல் கழிவைத் தீவுகளில் முற்றாகவே நிறுத்த வேண்டும் என்கிறேன். தவிடு, மரவள்ளி, பிண்ணாக்கு, பப்பாளி, சந்தையில் தள்ளிய காய்கறி இருக்கின்றன. நிக்கோபாரிகள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் பன்றிக்குப் போடுவது தேங்காய். பழங்காலத்து வழக்கம் என்று ஒதுக்கப்பட்ட அந்தத் தீனி, இந்த நோயைப் பொறுத்தவரை நகரத்து ஹோட்டல் டிரம்மைவிடப் பல மடங்கு பாதுகாப்பானது.

அடுத்தது கால்வழி. நோய் கொட்டகைக்குள் வருவதற்குப் பன்றி வர வேண்டியதில்லை. செத்த பன்றியின் இரத்தமும் சாணமும் ஒட்டிய செருப்பு போதும். பன்றி வாங்க வரும் வியாபாரி ஒரே காலையில் நாலு கொட்டகை ஏறி இறங்குகிறார். அறுப்பவர் கத்தியோடு வருகிறார். சினைக்குச் சேர்க்க ஆண் பன்றியை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு ஓட்டிப்போகிறார்கள். ஊசி போட வரும் கால்நடை ஊழியரும் இதில் அடக்கம். அவரை நல்லெண்ணத்தோடு உள்ளே விடுகிறோம். ஆனால் அவர் அன்று காலை எந்தக் கொட்டகையில் நின்றார் என்று கேட்பதில்லை.

ஒரு கொட்டகையை மனதில் வைத்துப் பார்ப்போம். பத்துப் பன்றிகள், ஒரு தாய்ப்பன்றி, ஒரு ஆண் பன்றி, மீதி வளரும் குட்டிகள். போர்ட் பிளேர் என்று நாம் இன்னும் பழக்கத்தில் சொல்லும் ஸ்ரீ விஜயபுரத்தின் புறத்தே எங்கேயும் இருக்கக்கூடியதுதான். திங்கட்கிழமை கழுநீரில் வைரஸ் வருகிறது. ஒரு வாரம் ஒன்றும் தெரியாது. பிறகு தாய்ப்பன்றி தீனி எடுக்காமல் மூலையில் படுக்கிறது. உடம்பு 41 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. வெயில் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். மறுநாள் மருந்துக்கடையில் கேட்டு ஒரு ஆன்டிபயாடிக் ஊசி. அதற்கடுத்த நாள் காதும் வயிற்றடியும் சிவந்து நீலம் பாய்கின்றன. அன்றிரவு அது சாகிறது. மற்ற ஒன்பதும் நன்றாகத் தின்கின்றன. இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். இந்த நோய் காற்றில் பறந்து ஒரே நாளில் கொட்டகையைச் சாய்ப்பதில்லை. இரத்தமும் கழிவும் தொட்டுத் தொட்டுத்தான் நகர்கிறது. தொற்றுநோயானால் எல்லாமே படுத்திருக்குமே, ஒன்றுதானே போனது என்று நினைப்பவர், நஷ்டத்தைக் குறைக்க இரண்டு குட்டிகளை அந்த வாரமே விற்கிறார். செத்ததை அறுத்து அக்கம்பக்கத்தில் பங்கு போடுகிறார். ஆண் பன்றி ஏற்கெனவே பக்கத்து ஊருக்குச் சேர்க்கப் போய்வந்திருக்கிறது. இரண்டாவது பன்றி சாகும்போது நோய் நாலு கொட்டகையில் இருக்கிறது.

இதே கொட்டகையில் வேறு மாதிரி நடந்திருக்கலாம். தீனி எடுக்காத காய்ச்சல் பன்றி ஒன்று, காது சிவந்த பன்றி ஒன்று, கரு கலைந்த சினைப்பன்றி ஒன்று, இவற்றில் எதைக் கண்டாலும் அன்றே கால்நடை மருத்துவருக்குத் தகவல் போக வேண்டும். அன்றிலிருந்து அந்தக் கொட்டகையைவிட்டுப் பன்றியோ இறைச்சியோ சாணமோ வாளியோ வெளியே போகக்கூடாது. செத்ததை அறுக்கவே கூடாது, ஏனென்றால் இரத்தத்தில்தான் வைரஸ் மிக அடர்த்தியாக இருக்கிறது. அறுத்த இடமும் கத்தியும் அதைக் கழுவிய சாக்கடையும் நோய்க்களமாகிவிடும். பார்த்த மாத்திரத்தில் இது ஆப்பிரிக்க வகையா, பழைய கிளாசிக்கல் வகையா என்று தேர்ந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே மாதிரிச் சிவக்கும், ஒரே மாதிரிக் கொல்லும். போபாலிலுள்ள தேசிய உயர் பாதுகாப்பு விலங்கு நோய் நிறுவனத்தின் பிசிஆர் சோதனைதான் உறுதி செய்யும். தீவிலிருந்து குளிர் கெடாமல் மாதிரி போய் முடிவு வரும் வரை காத்திருக்கும் நாட்களில், நோய் உறுதி ஆனது போலவே நடந்துகொள்வதைத் தவிர வேறு வழி கிடையாது.

இனி ஊசி வாதம். கிளாசிக்கல் பன்றிக் காய்ச்சலுக்கு நல்ல தடுப்பூசி இருக்கிறது, இந்தியாவிலேயே தயாராகிறது. அதைப் போட்டுவிட்டுத் தன் பன்றிகள் எல்லாக் காய்ச்சலுக்கும் பத்திரம் என்று நம்புபவர்கள் பலர். இரண்டும் உறவே இல்லாத இரு வைரஸ்கள். ஒன்றுக்குப் போட்ட ஊசி மற்றொன்றைத் தடுக்காது. ஆன்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியாவைத்தான் கொல்லும். இந்த நோயில் பண்ணைக்காரரின் பணத்தைத் தின்பதைத் தவிர அவை எதுவும் செய்வதில்லை.

இத்தனை ஆண்டுகளாக ஏன் ஒரு மருந்து வரவில்லை என்ற கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் விஞ்ஞானிகளின் சோம்பலில் இல்லை. உடம்பில் புகுந்த கிருமியை விழுங்கி அழிக்கும் காவல் அணுக்கள் உண்டு, மேக்ரோபேஜ் என்பார்கள். இந்த வைரஸ் போய்க் குடியேறிப் பெருகுவது அந்த அணுக்களுக்குள்தான். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மரபணுக்களைச் சுமக்கும் பெரிய வைரஸ் இது. அவற்றில் பல, உடம்பு எழுப்பும் முதல் எச்சரிக்கையை அடக்குவதற்கே இருக்கின்றன. பன்றியின் இரத்தத்தில் எதிர்ப்புப் புரதங்கள் உண்டாகத்தான் செய்கின்றன. ஆனால் மற்ற பல நோய்களில் நடப்பது போல அவை வைரஸை முழுதாக முடக்குவதில்லை. அதனால் வைரஸைக் கொன்று செய்யும் தடுப்பூசி இங்கே பலிப்பதில்லை. வலுக்குறைத்த உயிருள்ள வைரஸைக் கொடுத்தால் பாதுகாப்பு கிடைக்கிறது, ஆனால் அதுவே நோயாகவும் மாறிவிடக்கூடும். 1960களில் போர்ச்சுகலில் அப்படி ஊசி போட்ட பன்றிகளில் பெருந்தொகையானவை நாள்பட்ட நோயில் விழுந்தன. வியட்நாம் 2022இல் உலகின் முதல் வணிகத் தடுப்பூசிக்கு அனுமதி தந்தது. சில மாதங்களுக்குள் பல மாவட்டங்களில் ஊசி போட்ட பன்றிகள் செத்ததால் அதை நிறுத்தி ஆராய வேண்டியதாயிற்று. பின்னர் அங்கே வேறு ஊசிகளும் புழக்கத்துக்கு வந்திருக்கின்றன. ஆனால் இந்தியாவில் அனுமதி பெற்ற தடுப்பூசி எதுவும் இல்லை. யாராவது தீவுக்குள் ஒரு புட்டியைக் கள்ளத்தனமாகக் கொண்டுவந்து விற்றால், அந்தப் புட்டிக்குள் இருப்பது உயிருள்ள வைரஸ் என்பதை வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

கொல்வது கொடுமை என்ற குரலை நான் மதிக்கிறேன். வளர்த்தவர் கண்முன்னே நன்றாகத் தின்றுகொண்டிருக்கும் பன்றியைக் கொல்வது யாருக்கும் எளிதல்ல. ஆனால் தொற்றிய கொட்டகையில் அது சாகுமா பிழைக்குமா என்பது கேள்வியாக இருப்பதில்லை; இந்தியாவுக்கு வந்திருக்கும் வகையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சாகும். பக்கத்துக் கொட்டகை சாகுமா என்பதுதான் கேள்வி. மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுச் செயல்திட்டம் நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டரைத் தொற்று வட்டமாகவும், பத்துக் கிலோமீட்டரைக் கண்காணிப்பு வட்டமாகவும் வைக்கிறது. வயநாட்டில் 2022 ஜூலையில் மானந்தவாடியிலும் தவிஞ்ஞாலிலும் அப்படித்தான் பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். கேரளத்தில் அப்போது வெளி மாநிலப் பன்றிக்கும் இறைச்சிக்கும் தடை ஏற்கெனவே போடப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும். எல்லையில் போடும் தடை கொட்டகை வாசலில் வேலை செய்வதில்லை. தாமதத்தின் விலைக்கு மிசோரம் இருக்கிறது: 2021 மார்ச்சில் லுங்சென் பகுதியில் தொடங்கிய நோய், அந்த ஓராண்டில் மட்டும் 33,000க்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்றது.

அரசின் மீது எனக்குள்ள குறை கொல்வதில் இல்லை, இழப்பீட்டின் வடிவத்தில் இருக்கிறது. அரசு கொல்லும் பன்றிக்குத்தான் பணம். அதற்கு முன்பே நோயில் செத்ததற்கு இல்லை. கேரளத்தில் கொடுத்த அளவுப்படி 15 கிலோ வரையுள்ள குட்டிக்கு 2,200 ரூபாய், 70 முதல் 100 கிலோ வரை உள்ளதற்கு 12,000 ரூபாய். முதல் பன்றி சாகும்போதே தகவல் சொன்னால் ஒன்பதுக்குப் பணம் கிடைக்கும். மறைத்தால் ஒன்றுக்கும் கிடைக்காது. இந்தக் கணக்கைத் தீவின் ஒவ்வொரு பன்றிக்காரருக்கும் நோய் வருவதற்கு முன்பே, அவரவர் மொழியில், தமிழிலும் நிக்கோபாரியிலும் கரேனிலும் சாத்ரியிலும் சொல்ல வேண்டும். பணம் மாதக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டால் அடுத்த முறை யாரும் வாய் திறக்கமாட்டார்கள்; செத்த பன்றி இரவோடு இரவாகக் கடலிலோ ஓடையிலோ போகும். சுமத்ராவின் மேதான் நகரத்துக்கு அருகே 2019இல் ஆறுகளிலும் ஏரியிலும் பன்றிப் பிணங்கள் மிதந்தன.

கடைசியாக ஒரு வாதம் மிச்சமிருக்கிறது: நம் நாட்டுப் பன்றி உரமானது, காட்டில் மேய்ந்து வளர்ந்தது, தாங்கிவிடும். நிக்கோபாரிப் பன்றியும் அந்தமானிப் பன்றியும் நாட்டின் பதிவு பெற்ற இனங்கள். வெக்கையையும் மழையையும் குடற்புழுவையும் தாங்குவதில் அவற்றுக்கு ஈடில்லை. இந்த வைரஸ் முன்னே அந்த உரம் நிற்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஹைட்டியில் அப்படி ஓர் உரமான பன்றி இருந்தது. கரிய, சிறிய கிரியோல் பன்றி. கிடைத்ததைத் தின்று வாழ்ந்தது. குடியானவர்களின் சேமிப்பே அதுதான். அங்கே பரவிய வகை சற்றே மென்மையானது, அதனால் பன்றிகளில் பல பிழைத்தன. பிழைத்தவை வைரஸைச் சுமக்கும் என்ற அச்சத்தில் 1980களின் தொடக்கத்தில் தீவிலிருந்த பன்றிகள் அத்தனையையும் அமெரிக்க உதவியோடு கொன்றார்கள். பதிலாகக் கொடுத்த வெளிநாட்டு வெண்பன்றிகளுக்குச் சிமெண்டுத் தரையும் விலைத் தீவனமும் வேண்டியிருந்தன. ஏழைகளால் அவற்றை வளர்க்க முடியவில்லை. ஓர் இனத்தை இழந்த தீவு அதைக் கடையில் வாங்க முடியாது. கார் நிக்கோபாரில் பன்றி இல்லாமல் முன்னோருக்கான விருந்து இல்லை, துஹெத் என்ற கூட்டுக்குடும்பத்தின் கௌரவம் இல்லை. 2004 சுனாமியில் ஏராளமான பன்றிகளைப் பறிகொடுத்து, மிஞ்சியவற்றிலிருந்து மந்தையை மறுபடி கட்டியவர்கள் அவர்கள்.

காட்டையும் மறக்க முடியாது. அந்தமான் காட்டுப்பன்றியும் வீட்டுப்பன்றியின் இனம்தான். அதே வைரஸ் அதையும் கொல்லும். 2023 தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் இந்த நோயில் செத்ததைத் தமிழ்நாடு பார்த்தது. அங்கே அது புலியின் இரை. இங்கே அது ஜாரவாக்களும் ஓங்கேக்களும் வேட்டையாடி உண்ணும் இறைச்சி. அந்தமான் நெடுஞ்சாலையில் போகும் வண்டியிலிருந்து எறியும் ஒரு பொட்டலம் மிச்சச் சோறு, இழப்பீடும் கால்நடை மருத்துவரும் எட்டாத மக்களின் காட்டுக்குள் இந்த நோயை இறக்கிவிடக்கூடும். காட்டுக்குள் போனதைப் பிடித்து வட்டம் போட யாராலும் முடியாது.

ஆகவே நான் கேட்பவை பெரிய திட்டங்கள் அல்ல. கப்பல், விமான, விடுதிச் சமையலறைக் கழிவு எதுவும் பன்றித் தொட்டிக்குப் போகக்கூடாது என்ற தடை, அதை எரிக்கவோ புதைக்கவோ துறைமுகத்திலேயே ஓர் ஏற்பாடு. ஒவ்வொரு கொட்டகைக்கும் ஒரு மூங்கில் படல், வாசலில் கொட்டகைக்கென்றே ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ், சோப்பால் தேய்த்துச் சேறு போக்கிய பிறகு கால் நனைக்க இரண்டு சதவீத காஸ்டிக் சோடாக் கரைசல்; சாணம் ஒட்டிய காலை நேரே மருந்தில் வைத்தால் மருந்து சாணத்தோடு வினைபுரிந்து செத்துவிடும். கரைசல் தோலைப் பொசுக்கும், ஆகவே ரப்பர் பூட்ஸோடுதான் மிதிக்க வேண்டும். நோய் கண்ட கொட்டகை கழுவி மருந்தடித்து மாதக்கணக்கில் காலியாகக் கிடந்த பிறகு, முதலில் ஓரிரு பன்றிகளை மட்டும் விட்டுப் பார்த்து, அவற்றின் இரத்தத்தைச் சோதித்துவிட்டே மீதியை வாங்க வேண்டும். நிக்கோபாரிப் பன்றியின் தாய் மந்தையை ஒரே இடத்தில் வைக்காமல், ஒன்றுக்கொன்று படகுத் தொடர்பு குறைந்த இரண்டு மூன்று தீவுகளில் பிரித்து வைக்க வேண்டும். கார் நிக்கோபாரில் கொட்டகைகள் காலியானாலும் வேறொரு தீவிலிருந்து குட்டி கொடுக்க முடிய வேண்டும். அந்த மந்தைகளுக்குத் தீனியாக வெளியிலிருந்து எதுவும் போக வேண்டாம். தேங்காய் அங்கேயே இருக்கிறது.